நான்கு முத்திரை வாங்கிய பெண் குழந்தை

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஆங்கில டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி கல்யாணமாகி வேலூருக்குப் போய்விட்டாள். மிச்சம் நான். தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் இருந்த டைப் இன்ஸ்டிடியூட்டில் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானம் மனு, பட்டா மாறுதல், அஃபிடவிட் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். இதனால் அரசாங்கக் காகிதம் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்தது.

அப்போதுதான் அக்காவின் கணவரிடமிருந்து பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருப்பேன் என்று எழுதிக்கொடுத்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை. புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கூட இருந்துவிட்டுக் கப்பலேறிப் போயிருந்தார். அக்கா மாமியார் வீட்டில் இருந்தாள். குடும்பத்துக்கான குவார்ட்டர்ஸ் தனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ஆறு மாதத்துக்குள் தங்கள் கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும், அதற்கு மனைவியின் பிறப்புச் சான்று முறைப்படி அத்தாட்சி பெற்று புதுச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், 'தங்கச்சி டைப் படித்தவள், பார்த்துக்கொள்வாள்' என்று வேறு.

நைனா கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். நைனாவுக்கு அதில் களை எடுப்பதும் காகிதத்தில் முத்திரை வாங்குவதும் அவரவர் செய்யவேண்டிய வேலை.

அம்மா எனக்குப் பன்னிரண்டு வயதில் இறந்துவிட்டாள். அதனால் அக்கா எப்போது பிறந்தாள் என்று கேட்க நைனாவை விட்டால் ஆளில்லை. கொல்லை வரப்பில் நின்று கேட்டேன்.

"ஏரி ஒடைஞ்ச வருசம்," என்றார். "கார்த்திகையா, மார்கழியா தெர்ல. மழை மட்டும் ஞாபகம் இருக்குது."

ஏரி உடைந்த வருஷம் எது என்று நான் இன்ஸ்டிடியூட்டில் மனு எழுத வந்த இரண்டு பெரியவர்களிடம் விசாரித்து, அக்காவின் வயதோடு பொருத்திப் பார்த்து, சந்தேகத்துக்கு ஒரு வருஷத்தை முன்னும் பின்னும் சேர்த்து ரிஜிஸ்டர் ஆபீசில் மனுப் போட்டேன். தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் செஞ்சி. அவர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி ஒரு பதிவைக் கண்டுபிடித்தார்கள். நைனா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது. கார்த்திகை மாதத்துக்குச் சரியான தேதி. குழந்தை: பெண். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

இந்தக் கோடு எனக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே தலையாரி வந்து கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார். பெயர் வைப்பது பிறகுதான். பாதி ஊருக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது. நைனாவுக்கு அந்தச் சமயத்தில் பிறந்த பெண் வேறு யாரும் இல்லையே, ஆகவே இது அக்காதான் என்று எழுத்தரிடம் அடித்துச் சொன்னேன். என்னுடைய பிறந்த தேதி எனக்குத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில், இந்தப் பதிவுக்கு ஒன்றரை வருஷம் கழித்து, ஜூன் முதல் தேதி என்று இருக்கும். என் வகுப்பில் பதினெட்டுப் பேருக்கு ஜூன் முதல் தேதிதான்.

சான்று கைக்கு வந்தது. சார்பதிவாளர் கையெழுத்து, முத்திரை. அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கிருந்துதான் ஆரம்பம்.

செஞ்சி சார்பதிவாளரின் கையெழுத்து பிரெஞ்சுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சென்னையில் இருப்பவர்களுக்கே தெரியாது. ஆகவே முதலில் கடலூருக்குப் போய், ஜில்லா அதிகாரிகளில் ஒருவர் 'இது செஞ்சி சார்பதிவாளரின் கையெழுத்துதான்' என்று எழுதி முத்திரை போட வேண்டும். பிறகு சென்னையில் தலைமைச் செயலகத்தில் ஒருவர், 'இது கடலூர்க்காரரின் கையெழுத்துதான்' என்று போட வேண்டும். பிறகு டில்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் ஒருவர், 'இது சென்னைக்காரரின் கையெழுத்துதான்'. டில்லிக்காரரின் கையெழுத்து மாதிரி மட்டும் புதுச்சேரி கான்சுலேட்டில் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் கடைசி முத்திரையைக் குத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கு முந்தியவரின் கையெழுத்து மட்டும் தெரியும்.

சென்னைக்கு நானும் நைனாவும் போனோம். செக்ரட்டேரியட்டை அங்கே எல்லாரும் கோட்டை என்கிறார்கள். 'கோட்டைக்குப் போகணும்' என்று பஸ்ஸில் கேட்டு, இறங்கி, உள்ளே நடந்து, நைனா நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "மலை எங்க?" என்றார். தரையில் கட்டியதையெல்லாம் கோட்டை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிரிவில் இருந்த குமாஸ்தா ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர். கடலூர் முத்திரையைத் தன்னிடமிருந்த மாதிரியோடு ஒப்பிட்டார். நைனா பணிவாக, "பொண்ணு விசயம் எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"பெரியவரே, உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கல," என்றார் குமாஸ்தா. "அது உண்மையா பொய்யான்னு சொல்றது என் வேலை இல்ல. இந்தக் கையெழுத்து அந்த ஆபீசர் போட்டதான்னு மட்டும்தான் நாங்க சொல்றோம். உள்ள இருக்கறதுக்கு நீங்கதான் பொறுப்பு."

இந்த வார்த்தையை நான் அன்று காதில் வாங்கியிருக்க வேண்டும். நான் அப்போது அவர் மேஜையில் இருந்த டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசு.

டில்லிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. சான்றின் பின்பக்கம் இடமே இல்லாமல் ஒட்டுக் காகிதம் ஒன்று தைத்து, அதன் ஓரத்திலும் பாதி முத்திரை விழுகிற மாதிரி குத்தியிருந்தார்கள். சிங்கத் தலைகள் நீல மையிலும் ஊதா மையிலும். நைனா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

மறுநாள் நாங்கள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். அக்கா மாமியார் வீட்டிலிருந்து புதுப் புடவையில் கிளம்பித் தயாராக நின்றாள். மூன்று பேருமாகக் கான்சுலேட்டுக்குப் போனோம். கடலுக்குப் பக்கத்துக் கட்டடம். உள்ளே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அத்தாட்சிப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் புதுச்சேரித் தமிழர். அறுபது வயது இருக்கும். சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார். காகிதத்தைப் பின்பக்கம் திருப்பி டில்லி முத்திரையை முதலில் பார்த்தார். உள்ளே போய் ஏதோ ஒரு கோப்போடு ஒப்பிட்டுவிட்டு வந்தார்.

"கையெழுத்தெல்லாம் சரியா இருக்கு," என்றார். "இத்தனை பேர்கிட்ட அலைஞ்சிருக்கீங்க பாவம். இப்ப ஐரோப்பாவுல சில நாடு சேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. ஒரே ஒரு சீட்டு. அப்போஸ்தீல்னு பேரு. அத ஒட்டிட்டா எந்த தூதரகத்துக்கும் போக வேணாம். பிரான்ஸ் அதுல இருக்கு. இந்தியா இல்ல. அதனால நமக்கு இந்தப் பாதைதான்."

(இந்தியா அந்த ஏற்பாட்டில் சேர இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. இன்று என் பேரப்பிள்ளைகளின் சான்றுகளுக்கு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், எதற்கு இவ்வளவு பஸ் என்று கேட்கிறார்கள்.)

அவர் அப்புறம்தான் காகிதத்தை முன்பக்கம் திருப்பினார். படித்தார். மூக்கைத் தடவினார்.

"இதுல பேர் எங்க?"

பெயர் வைக்கும் முன்பே எழுதிவிட்டார்கள் என்று நைனா விளக்கினார். கான்சுலேட்டுக்காரர், அது சகஜம்தான், தகப்பன் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து ஒரு அஃபிடவிட் கொடுத்தால் போதும், அதையும் இதே பாதையில் முத்திரை வாங்கி இதோடு சேர்த்துக் கொடுங்கள் என்றார். எனக்கு மறுபடியும் கடலூரா என்று சோர்வாக இருந்தது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. கல்யாணப் பதிவின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கல்யாணம் புதுச்சேரியிலேயே நடந்து பதிவானது. அப்போது சாட்சிகள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

"இங்க பொண்ணு பொறந்த ஊர் தளவானூர்னு இருக்கு. இந்தச் சான்றுல செஞ்சின்னு இருக்கு."

தளவானூரும் செஞ்சித் தாலுகாவில்தான் இருக்கிறது, அதனால் அப்படி எழுதியிருப்பார்கள் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"நீ தலைச்சன் பொண்ணாம்மா?"

அக்கா தலையாட்டினாள்.

"தலைச்சன் பிரசவம் தாய்வீட்டுலதானே நடக்கும். உங்கம்மாவுக்கு எந்த ஊரு?"

"தளவானூரு," என்றாள் அக்கா. "நான் அங்கதான் பொறந்தேன். அம்மா சொல்லியிருக்குது."

"அப்ப செஞ்சியில பொறந்த இந்தப் பெண் குழந்தை யாரு?"

நைனா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். ஏரி எங்கள் ஊரில் இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை உடைந்திருக்கிறது என்பது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஜூன் முதல் தேதியும் அந்த வருஷமும் தலைமையாசிரியர் கொடுத்தது. கார்த்திகைதான் கடவுள் கொடுத்தது. கடலூரும் சென்னையும் டில்லியும் முத்திரை குத்தி அனுப்பியது என்னை.

கான்சுலேட் பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது அவர் தோள் அசைந்ததில் தெரிந்தது. "உன் பிறப்புக்கு வேண்டிய அத்தாட்சி எல்லாம் பக்காவா வந்திருக்கும்மா," என்று என்னிடம் சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். அழுகை வந்தது எனக்கு. பத்து வாரம் போய்விட்டது. ஆறு மாதத்தில் மிச்சம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினேன். நைனா கடலைப் பார்த்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். எப்படியும் அஃபிடவிட் போடப்போகிறோம். இந்தச் சான்றிலுள்ள பெண் பெரியவள்தான் என்று தான் சத்தியம் செய்துவிட்டால் போயிற்று. கல்யாணப் பதிவில் ஊர் தப்பாக விழுந்துவிட்டது என்று திருத்திக்கொள்ளலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இரண்டு வயது குறைந்தால் பெண்ணுக்கு நல்லதுதானே.

அவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சரியான சான்று வேண்டுமானால் தளவானூருக்குப் போக வேண்டும். தளவானூரில் எங்கள் தாய்மாமன் இருந்தார். அக்கா பிறந்த அன்றிலிருந்தே அவள் தன் மகனுக்குத்தான் என்று இருந்தவர் அவர். நைனா அவளைப் புதுச்சேரி சொல்தாவுக்குக் கொடுத்தபோது பத்திரிகை வைக்கப் போனவரிடம், மாமா அதை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் இல்லை.

அக்கா பொதுவாக நைனாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள்.

"வேணாம் நைனா. இவளோடத நான் எடுத்துக்கிட்டா இவ பொறக்கவே இல்லன்னு ஆயிடும். நாளைக்கு இவளுக்கு ஒரு காகிதம் வேணும்னா எங்க போவா?" கொஞ்சம் நிறுத்தி, "அம்மா என்னப் பெத்து எடுத்தது மாமா ஊட்லதான். அத மாத்திச் சொல்லி நான் எந்த ஊருக்கும் போவல," என்றாள்.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, ஞாயிற்றுக்கிழமை தளவானூர் போகலாம் என்றார். தளவானூர் என்பதை ஏதோ லண்டன் என்பது போலச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் போய் இறங்கி நானும் நைனாவும் நடந்தோம். குகைக்கோயில் பாறை தெரிய ஆரம்பித்ததும் நைனாவின் நடை குறைந்தது. செருப்பில் கல் என்று மூன்று தடவை நின்றார். மாமா களத்துமேட்டில் எள் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த பலகையைக் கீழே வைக்கவில்லை.

"இன்னா மச்சான், வழி தவறிட்டியா?"

"உன்னத்தான் பாக்க வந்தேன்," என்றார் நைனா.

"மொதல்ல சாப்புடுங்க. அப்புறம் பாக்கலாம்."

அத்தை கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நைனா வந்த காரியத்தை எடுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, கார்த்திகை, நான்கு முத்திரை, கான்சுலேட்டில் என்னைத் தூக்கிக் கொடுத்தது, எல்லாம். நடுவில் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கடைசியில் எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பழைய பஞ்சாங்கங்கள், சிட்டாக்கள். அடியிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு காகிதத்தை எடுத்தார். அக்காவின் ஜாதகம்.

பிறந்த இருபதாம் நாளே எழுதியது. வருஷம், மாதம், தேதி, நாழிகை, எல்லாம் இருந்தது. அதோடு இன்னொரு ஜாதகமும் சேர்த்து மடித்திருந்தது. அது மாமாவின் மகனுடையது என்று சொல்லாமலே தெரிந்தது. மாமா அதைத் தனியாகப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அக்காவுடையதை மட்டும் என்னிடம் நீட்டினார்.

நைனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அக்காவுக்கு ஒரு ஜாதகம் வைத்திருக்கவில்லை. சொல்தா வீட்டில் கேட்கவும் இல்லை.

"நான் உங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கணும்," என்றார் நைனா.

மாமா கொஞ்ச நேரம் பெட்டியை மூடுவதிலேயே கவனமாக இருந்தார். பிறகு, "கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன். அது வேற," என்றார். "என் ஊட்ல பொறந்தவ. அத எங்க வேணா வந்து சொல்றேன். எந்த ஊருக்குப் போறா, யாரோட போறான்னு அந்தக் காகிதம் கேக்குதா?"

இல்லை என்றேன்.

"அப்ப எனக்கு இன்னா."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜாதகத்துத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றி, கிராமம் தளவானூர் என்று போட்டு மனுக் கொடுத்தேன். ஒரே நாளில் பதிவு கிடைத்தது. பெண் குழந்தை. பெயர் இடத்தில் கோடு. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் மாமாவின் தகப்பனார் பெயர். இந்தத் தடவை காகிதத்தின் ஒவ்வொரு வரியையும் எழுத்தரின் மேஜை முன்னாலேயே நின்று இரண்டு முறை படித்தேன். அவர், "டீச்சரம்மா, நம்பிக்கை இல்லையா?" என்றார். என் மேல்தான் நம்பிக்கை இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

முத்திரைத்தாளில் அஃபிடவிட்டை நானே அடித்தேன். இன்ன தேதியில் தளவானூரில் பிறந்ததாகப் பதிவாகியுள்ள பெண் குழந்தையும், இன்ன பெயரில் இப்போது புதுச்சேரியில் வசிக்கும் பெண்ணும் ஒருவரே என்று நைனா ஒன்று, மாமா ஒன்று. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முன்பகலிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார் மாஜிஸ்திரேட். நான் வாசித்தேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நிஜம்தானா என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "ஆமாங்க. பேரு வச்சதும் எங்க ஊட்லதான். மூணாவது மாசந்தான் தூக்கிட்டுப் போனாங்க," என்று அஃபிடவிட்டில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக. புள்ளி வைத்த பிறகு ஒருமுறை ஊதினார்.

கடலூருக்கு மாமாவும் வந்தார். முத்திரை குத்துவதைப் பார்க்க வேண்டுமாம். நைனாவும் அவரும் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கு மட்டும் நான் டைப் இன்ஸ்டிடியூட் முதலாளியின் மனைவியோடு போனேன். அவளுக்குச் சென்னையில் தங்கை வீடு. கோட்டையில் அதே குமாஸ்தா. கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன தடவையே குடுத்தோமே. என்ன ஆச்சு?"

"போன தடவ நான் பொறந்துட்டேன் சார்," என்றேன்.

அவருக்குப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். அன்றைக்கே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். உறையில் போடும் முன்னால், தன் வேலை இல்லை என்று அவர் சொன்ன முன்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிட்டே போட்டார்.

டில்லியிலிருந்து இந்தத் தடவை நான்கு வாரத்தில் வந்தது. அதற்குள் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையில் இருப்பது நீள உறையா சின்ன உறையா என்று தெரிந்துவிடும். நீள உறை வந்த அன்று நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடவில்லை. வாசலிலேயே பிரித்து, முன்பக்கம், பின்பக்கம், ஒட்டு, மூன்று காகிதத்திலும் எல்லா முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்தேன். தபால்காரர், 'இன்னா, கலெக்டர் உத்தியோகமா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

கான்சுலேட்டில் அதே பெரியவர். பின்பக்கம் பார்த்தார், உள்ளே போய் ஒப்பிட்டார், வந்து முன்பக்கம் படித்தார். தளவானூர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கல்யாணப் பதிவைப் பார்த்தார். அஃபிடவிட் இரண்டையும் படித்தார். கடைசியில் அவர்கள் முத்திரையை வைத்து, கான்சல் கையெழுத்துக்கு உள்ளே அனுப்பினார். அவர்கள் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தெருக் கோடியில் இருந்தார். அங்கே போய் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதி வாங்கினோம். அக்காவின் பெயரை எத்தனை எழுத்தில் எழுதுவது என்று அவருக்கும் எனக்கும் ஒரு சின்ன விவாதம் நடந்தது. கல்யாணப் பதிவில் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல் அப்படியே என்று நான் பிடிவாதமாக நின்றேன். நீ எந்த ஆபீசில் வேலை செய்கிறாய் என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியது. ஆறு மாதம் முடியப் பதினேழு நாள் இருந்தது.

அக்கா பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும். மாமியார் வீட்டு மனிதர் ஒருவர் துணைக்குப் போனார். புதுச்சேரியிலிருந்து ரயில். வழியனுப்ப நாங்கள் எல்லாரும் போனோம். தளவானூர் அத்தையும் மாமாவும் ஒரு தூக்கு நிறைய எள்ளுருண்டையோடு வந்திருந்தார்கள். மாமாவின் மகன் வரவில்லை. அவனுக்குத் தொண்டூரில் பெண் பார்த்திருந்தார்கள், அன்றைக்குத்தான் நிச்சயம் பேசப் போயிருந்தான். அக்கா மாமாவின் காலில் விழுந்தாள். அவர் தலையில் கை வைத்துவிட்டு, "குளுருமாமே அங்க? காதுக்குத் துணி கட்டிக்க," என்றார். அவ்வளவுதான். ரயில் நகர்ந்ததும் நைனா அதோடு கூடவே பத்தடி நடந்தார். பிறகு நின்றுவிட்டார். நான் எதிர்பார்த்ததைவிட அக்கா அதிகம் அழுதாள். நான் எதிர்பார்த்ததைவிட நான் குறைவாக அழுதேன். நான் அந்த நேரத்தில் அவளுடைய காகித உறை அவள் மடியில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. மெல்லிய நீலக் காகிதத்தில் ஒரு பக்கம் எழுதி, ஓரத்திலும் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தாள். கப்பலில் நான்கு நாள் வாந்தி. குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. சன்னல் வழியாக ஒரு பேக்கரி தெரிகிறது. பக்கத்து வீட்டில் காரைக்கால் பெண் ஒருத்தி இருக்கிறாள், புளி எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிகிறது. நைனா நடுவில் நிறுத்தச் சொல்லி, பேக்கரி என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தளவானூர்க்காரனும் கேட்கணுமே என்று சொல்லி விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே போய் யார் வாசிப்பார்கள் என்று நான் கேட்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார்.